'யார்' என்ற சொல் கடைசியில் வருகிறது

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் சேர்ந்துபோன கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் கேள்வியையும், அச்சடித்த பக்கத்தின் மேல் ஒட்டிய தாளில் விடையையும் எழுதி, இனிப்புக் கடைப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் 96 அட்டைகள். பாளையக்காரர்கள், மருது சகோதரர்கள், வேலூர்ப் புரட்சி என்று தமிழ்நாட்டில் ஆங்கிலேயரை எதிர்த்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஓர் அட்டையைத் திருப்பினால் ஒட்டிய தாளின் ஓரத்தில் 'சுபமுகூர்த்தம்' என்று பாதிச் சொல் எட்டிப் பார்க்கும். அதற்கு மேலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள்.

மேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு மாணவர் மன்றம் கூடுகிறது. இருபது பிள்ளைகள் வருவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வினாடி வினா நடத்துவோம். கேள்விகளைத் தயாரிப்பது என் வேலை. போன ஆண்டு அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். 96 கேள்வி இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. அந்த மாலை எப்படிக் கெட்டது, இந்த ஆண்டு அதே பெட்டியிலிருந்து எப்படி ஒரு நிகழ்ச்சி வசனம் எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

போன ஆண்டு மணி அடிக்கும் சுற்றில் நடந்தது இது. எங்களிடம் மின்சார மணி கிடையாது. நான்கு மேசைகளிலும் ஒவ்வோர் எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி. நான் அட்டையைப் பார்த்து வாசித்தேன்: "1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில்..." அவ்வளவுதான், டங் என்று ஓர் அடி. எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து, "திப்பு சுல்தானின் மகன்கள்!" என்றான். அந்தக் கோட்டையில்தான் அவர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள், அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அட்டையின் முழுக் கேள்வி, "1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, செய்தி கேட்டு ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த அதிகாரி யார்?" விடை கில்லஸ்பி. ஐந்து மதிப்பெண் குறைத்தேன். பையன் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான்: "நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் அக்கா?"

அன்று இரவு பஸ்ஸில் வரும்போதுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. தமிழில் வினாச்சொல்லின் இயல்பான இடம் வாக்கியத்தின் கடைசி. யார், எது, எந்த ஊர், எத்தனை எல்லாம் பயனிலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட்டையில் இது ஒரு குறையே இல்லை. கண் ஒரே பார்வையில் வாக்கியம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. 'யார்' எங்கே இருந்தாலும் ஒன்றுதான். வாசித்துக் கேட்கும்போது கேட்பவருக்குக் கிடைப்பது முதல் பாதி மட்டும். என்ன கேட்கப்படுகிறது என்பது கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்க, மணி அதற்கு முன்னாலேயே அடிக்கப்படுகிறது. அதனால் வேகமான பிள்ளை பாடத்தை ஊகிப்பதில்லை, கேள்வியை ஊகிக்கிறது. ஊகம் சரியானால் கெட்டிக்காரன், தவறினால் அவசரக்குடுக்கை. அறிவுக்கு இதில் வேலையே இல்லை.

தீர்வு சின்னதுதான். இந்த ஆண்டு எல்லாக் கேள்விகளின் தலையிலும் ஒரு குட்டி வாக்கியம் வைத்தேன்: "ஓர் அதிகாரியின் பெயர் வேண்டும்." "ஓர் ஊரின் பெயர் வேண்டும்." "ஒரு நபர், எண் அல்ல." அதன் பிறகு விவரம். வினாச்சொல்லே தேவையில்லாமல் போனது: "ஓர் அதிகாரியின் பெயர் வேண்டும். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, செய்தி கேட்டு ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்தவர்." இப்போது 'வேலூர்' என்ற சொல்லிலேயே ஒரு பிள்ளை டம்ளரைத் தட்டினால் அது நியாயமான துணிச்சல். அவளுக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.

எழுதிய எல்லாவற்றையும் ஒரு முறை உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதும் இதிலேயே அடங்கும். நான் சமையலறையில் நின்று வாசிக்க, அக்கா மகள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தேன். இல்லையென்றால் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வாள். 'மறுபடியும் வாசி' என்று அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு வாக்கியங்களாக உடைத்தேன். 'விரைந்து வந்த' என்பது போன்ற பெயரெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வந்தால் காது தடுமாறுகிறது, இரண்டு வரை தாங்குகிறது.

சரி, எந்த அட்டைகளை எடுப்பது? இங்கே அவளுடைய பழக்கம் ஒன்று உதவியது. ஒவ்வொரு முறை திருப்புதல் செய்யும்போதும் அட்டையின் மூலையில் பென்சிலால் சரி அல்லது தவறு போட்டிருந்தாள். சில அட்டைகளில் ஐந்து குறிகளும் சரி. சிலவற்றில் ஐந்தும் தவறு. போன ஆண்டு நான் 'ஐந்தும் தவறு' அட்டைகளைக் கடினமான கேள்விகள் என்று நினைத்துக் கடைசிச் சுற்றுக்கு ஒதுக்கினேன். பெரிய பிசகு. இந்த முறை அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பெரும்பாலானவை கடினமான கேள்விகள் இல்லை, கோணலான அட்டைகள் என்று தெரிந்தது. "பாளையக்காரர் முறையைப் பற்றி எழுதுக" என்று ஒன்று. அதற்கு யாருமே ஒரு மூச்சில் விடை சொல்ல முடியாது. இன்னொரு வகை, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அட்டைகள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது கயத்தாற்றில், 1799இல். ஊமைத்துரை கொல்லப்பட்டது பாஞ்சாலங்குறிச்சியில். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது திருப்பத்தூரில், 1801இல். மூன்று அட்டைகளும் 'எங்கே கொல்லப்பட்டார்' என்ற ஒரே அச்சில் இருந்ததால் அவள் ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறாள்.

மூன்றையும் தூக்கிப் போடவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேறு பக்கத்திலிருந்து நுழைந்தேன்: "ஓர் ஊரின் பெயர் வேண்டும். 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் சுவரிலும் ஒட்டப்பட்ட அறிக்கையை வெளியிட்டவர்கள், அதே ஆண்டு அக்டோபரில் இந்த ஊரில் தூக்கிலிடப்பட்டார்கள்." அறிக்கை என்ற நூலைப் பிடித்தால் மருது சகோதரர்கள், அவர்களைப் பிடித்தால் ஊர். ஒரு படி கூடுதல், ஆனால் குழப்பம் குறைவு.

எல்லாக் குறிகளும் சரி என்றிருந்த அட்டைகளிலும் ஒரு பொறி உண்டு. அவை அவளுக்கு எளியவை. எல்லோருக்கும் எளியவை என்று அர்த்தமில்லை. இதற்கு நேர்மாறாக, பாடப்புத்தகத்தில் கடினமாகத் தோன்றி எங்கள் ஊரில் சப்பென்று போகும் கேள்விகளும் உண்டு. காந்தி அரையாடைக்கு மாறிய ஊர் எது என்று மதுரைக்குப் பக்கத்தில் கேட்டால் கைக்குழந்தை தவிர எல்லோரும் கத்துவார்கள். அதை "ஒரு தெருவின் பெயர் வேண்டும்" என்று மாற்றினேன். மேலமாசி வீதி. அதற்கு இரண்டு அணிகள் விழித்தன, ஒரு பெண் மட்டும் துணி எடுக்கப் போகும்போது அந்த வீட்டைப் பார்த்திருப்பதாகச் சொல்லிச் சரியாகச் சொன்னாள்.

கடைசியில் 96 அட்டைகளில் 30 கேள்விகள் தேறின, நான்கு உபரி. உபரியைக் குறைக்காதீர்கள். கேள்வி வாசிக்கும்போது கூட்டத்தில் யாராவது விடையை முணுமுணுத்துவிட்டால் அந்தக் கேள்வி செத்தது.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருகிறேன். போன ஆண்டு வட்டமாக நான்கு அணிகள். பெயர் வேண்டாம், அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அணிக்கும் ஆறு நேரடிக் கேள்விகள், சரியான விடைக்குப் பத்து. தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும், அங்கே ஐந்து. எல்லோரும் பள்ளியில் பார்த்த முறைதான். அ அணி சின்னப் பிள்ளைகள். ஆறில் இரண்டுதான் சொன்னார்கள். மற்ற மூன்று அணிகளும் ஆறில் நான்கு சொன்னார்கள். அதாவது ஆ, இ, ஈ மூவரும் நேரடிக் கேள்விகளில் சரிசமம், நாற்பது நாற்பது.

ஆனால் அ அணி தவறவிட்ட நான்கு கேள்விகளும் முதலில் ஆ அணியின் மடியில் போய் விழுந்தன. அதில் இரண்டு சொன்னார்கள், பத்து மதிப்பெண். இ அணிக்குப் புதிதாக வந்தவை ஆ அணி தவறவிட்ட இரண்டு மட்டும். ஒன்று சொன்னார்கள், ஐந்து. ஈ அணிக்கும் அப்படியே ஐந்து. அ அணியிடமிருந்து வந்து ஆ அணியும் கைவிட்ட இரண்டும் இ அணிக்கு வந்தன என்பது உண்மை, ஆனால் இரண்டு மேசைகள் தோற்ற கேள்வி மூன்றாவது மேசையில் எளிதாகிவிடாது. முடிவு: ஆ 50, இ 45, ஈ 45, அ 20. ஆ அணி ஒரு கேள்வி வித்தியாசத்தில் கோப்பை வாங்கியது. மூன்று அணிகளும் தங்களுக்கு வந்த புதுக் கேள்விகளில் பாதியைத்தான் சொன்னார்கள்; ஆ அணிக்கு வந்தவை இரண்டு மடங்கு. அவர்கள் ஜெயித்தது நாற்காலியால்.

வினாடி வினாக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே 'இன்ஃபினிட் பவுன்ஸ்' என்று சொல்வார்கள். நான் பிள்ளைகளிடம் சுழற்சி முறை என்றேன். நேரடிக் கேள்வி, தாண்டி வந்த கேள்வி என்ற பேதமே கிடையாது. எங்கே விடை கிடைத்தாலும் பத்து. கேள்வி அ அணியில் தொடங்கி, ஆ அணியைத் தாண்டி, இ அணியில் விடை கிடைத்தால், அடுத்த கேள்வி ஈ அணியில் தொடங்கும். யாருமே சொல்லாவிட்டால், இந்தக் கேள்வி தொடங்கிய அணிக்கு அடுத்த அணியில் தொடங்கும். விடை சொன்ன அணி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவதால், பக்கத்து மேசையின் தவறை விழுங்கிக்கொண்டே இருக்க முடியாது; ஒரு தடவை விழுங்கினால் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும்.

முழுக்கக் குணமாகிவிடவில்லை. பலவீனமான அணிக்கு அடுத்து உட்கார்ந்தவருக்கு இன்னும் கொஞ்சம் லாபம் உண்டு. அதனால் 16 கேள்விகள் கொண்ட முதல் சுற்றில் எட்டு முடிந்ததும் திசையை மாற்றினேன். முதல் பாதியில் இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம். இப்போது அ அணியின் இன்னொரு பக்கத்து ஈ அணிக்கு அந்த லாபம். வசன நோட்டில் எட்டாவது கேள்விக்குக் கீழே சிவப்பு மையில் 'திரும்பு' என்று எழுதி வைத்தேன். இல்லையென்றால் மேடையில் மறந்துபோகும். எழுதி வைத்தும் ஒரு தடவை மறந்தேன், பிள்ளைகள் கத்தினார்கள்.

இரண்டாவது சுற்று, துப்புச் சுற்று. ஒரு நபரைப் பற்றி நான்கு துப்புகள், கடினத்திலிருந்து எளிமைக்கு. முதல் துப்பில் எழுதிக் கொடுத்தால் 20, பிறகு 15, 10, 5. ஒரு முறை சீட்டு கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் எழுதுவதால் நாற்காலிப் பிரச்சினை இங்கே எழவே இல்லை. வேலு நாச்சியாருக்கு நான் முதலில் எழுதிய துப்பு, "18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர்." அந்தப் பாடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதில் அடங்குவார்கள். நன்றாகப் படித்த பிள்ளை கட்டபொம்மன் என்று எழுதித் தோற்கும், படிக்காத பிள்ளை காத்திருந்து ஐந்து மதிப்பெண் வாங்கும். முதல் துப்பு கடினமாக இருக்கலாம், ஆனால் அது மட்டுமே போதும் என்கிற அளவுக்கு ஒரே ஆளைத்தான் குறிக்க வேண்டும். கடைசியில் எழுதியது இது:

```
விடை: வேலு நாச்சியார்
20  எட்டு ஆண்டுகள் திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில்
    கோபால நாயக்கரின் பாதுகாப்பில் இருந்தவர்.
15  படை உதவி கேட்டு ஹைதர் அலியைச் சந்தித்தபோது
    உருதுவில் பேசியவர்.
10  1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர்
    கொல்லப்பட்டதை அடுத்துத் தலைமறைவானவர்.
5   மருது சகோதரர்கள் துணையோடு சிவகங்கையை மீட்டு
    ஆண்ட அரசி.
```

இதில் தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து கொடுக்கிறது. 'இருந்தவர்', 'பேசியவர்' என்றால் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. அட்டையில் அக்கா மகள் 'கணவரை இழந்த அரசி' என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு சொற்களே விடையைப் போட்டு உடைத்துவிடும், அந்தப் பாடத்தில் வேறு அரசி யார்? 'அரசி' என்பதை ஐந்து மதிப்பெண் வரிக்குத் தள்ளினேன். 'கணவர்' என்பதை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்தேன்.

மூன்றாவது சுற்றில் டம்ளர்களை ஒழித்துவிட்டேன். எந்த டம்ளர் முதலில் ஒலித்தது என்ற சண்டை ஒவ்வோர் ஆண்டும் வரும். அதற்குப் பதில் சீட்டு: கேள்வி முடிந்ததும் பத்து விநாடிக்குள் விரும்பும் அணி எழுதிக் கொடுக்கலாம். சரியென்றால் பத்து கூடும். தவறினால் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் யோசனை. வழக்கமாக ஐந்து குறைப்பார்கள். ஆனால் மனத்தில் இரண்டு பெயர் ஊசலாடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பூவா தலையா போட்டு எழுதினாலும் இரண்டு தடவையில் ஒரு தடவை பத்து வரும், ஒரு தடவை ஐந்து போகும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து லாபம். குருட்டு ஊகத்துக்கு நாமே கூலி கொடுத்தது போல. தவறுக்கும் பத்து குறைத்தால் பூவா தலையாவில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பாதிக்கு மேல் நிச்சயமாக இருப்பவர்தான் எழுதுவார். பத்து என்றே வைத்தேன். இதனால் சுற்று கொஞ்சம் மந்தமாகப் போனதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கேள்விக்கு யாருமே எழுதவில்லை, கூடமே அமைதியாக இருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மட்டும் என்றால் ஐந்துக்கே திரும்பியிருப்பேன்.

மதிப்பெண் தகராறுகளில் பாதி, விடையை ஏற்பதா என்பதில் வரும். அட்டையில் ஒரே விடை போதும், ஏனென்றால் அதை எழுதியவளே திருத்துகிறாள். வசனத்தில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதினேன்: எதை ஏற்பது, எதற்கு 'இன்னும் தெளிவாகச் சொல்' என்று ஒரு தடவை கேட்பது, எதை மறுப்பது. விடை 'சின்ன மருது' என்றால், அதை ஏற்பது. 'மருது' என்று மட்டும் சொன்னால் 'எந்த மருது?' என்று கேட்பது. 'மருதநாயகம்' என்றால் மறுப்பது. அவர் வேறு ஆள். 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் அவர்தான், சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. பெயர் ஒலி ஒத்துப்போவதால் பிள்ளைகள் கட்டாயம் குழப்பிக்கொள்வார்கள் என்று தெரிந்தே எழுதி வைத்தேன், அன்று அப்படியே ஒரு பையன் சொன்னான். நோட்டைப் பார்த்து மறுத்தேன், சண்டை வரவில்லை. முன்கூட்டி எழுதியதை வாசிப்பதற்கும் மேடையில் நின்று யோசிப்பதற்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பிள்ளைகள் நன்றாகவே முகர்ந்துவிடுகிறார்கள்.

ஒரு சங்கடம் மீதி இருந்தது. அட்டைகளை எழுதியவளே போட்டியில் உட்கார்ந்தால்? கேள்வியை எப்படித் திருப்பி எழுதினாலும் பெட்டி அவளுடையது. "நீ மதிப்பெண் பலகையில் நில்" என்றேன்.

"நான் படித்ததற்கு இதுதான் தண்டனையா சித்தி?" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து, கரும்பலகையில் எழுதி அழிப்பது சரிவராது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம் வரைந்து விடை சொன்ன அணியின் எழுத்தைப் போட வேண்டும், அப்போதுதான் கூட்டலில் தகராறு வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியும் என்றாள். அதைத்தான் செய்தோம். பதினோராவது கேள்விக்குப் பிறகு இ அணி தங்களுக்குப் பத்து விட்டுப்போனதாகச் சொன்னபோது, அவள் விரலால் ஆறாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். 'இ' என்று எழுதியிருந்தது, கூட்டலில் சேர்க்கவில்லை. தவறு அவளுடையது, சேர்த்தாள்.

அந்தத் திருப்பத்தூர்க் கேள்வி முதல் சுற்றில் பதினைந்தாவதாக வந்தது. ஈ அணியில் ஒரு சிறுவன் "திருப்பத்தூர்" என்றான். நோட்டில் 'தெளிவு கேள்' என்று இருந்தது, ஏனென்றால் மாவட்டத் தலைநகராக இன்னொரு திருப்பத்தூரும் இருக்கிறது. "எந்தத் திருப்பத்தூர் தம்பி?" என்று கேட்டேன்.

"பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது வருமே அக்கா, எங்கள் அத்தை ஊர்" என்றான்.

நோட்டில் அப்படி ஒரு விடை எழுதியிருக்கவில்லை. பலகைப் பக்கம் திரும்பினேன். அவள் அதற்குள் கட்டத்தில் 'ஈ' என்று எழுதி முடித்திருந்தாள்.